புதுப்பிப்பு: சோப்புப் பெட்டி மடிப்பில் வெள்ளைக் கோடு, காரணம் தெரிந்தது

என் கேள்வி: "அச்சகம் தந்த டெம்ப்ளேட்டில் கரும்பச்சைப் பின்னணி போட்டேன். மாதிரிப் பெட்டியில் எல்லா மடிப்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு, ஏன்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. ஓவர்பிரிண்ட் பாருங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. வெட்டும் இடத்தையும் மடிப்பையும் காட்டும் டைலைன் கோடுகள் தனி ஸ்பாட் கலரில் இருந்தன, ஆனால் ஓவர்பிரிண்ட் இல்லை, அதனால் தம் அடியில் இருந்த பச்சையை அவை வெட்டிவிட்டன. அச்சகம் அந்தக் கலரை நீக்கியதும் அங்கே வெறும் அட்டைதான் மிச்சம். இல்லஸ்ட்ரேட்டரில் Separations Preview திறந்து, அதில் Overprint Preview-ஐ டிக் செய்து, டைலைனை மட்டும் மறைத்தால் கோடு திரையிலேயே தெரிகிறது. கோடுகளைத் தேர்ந்தெடுத்து Attributes-இல் Overprint Stroke போட்டேன், போய்விட்டது.

பிளீடைக் கூட்டச் சொன்னவருக்கு: கோட்டைத் தாண்டி நிறத்தை நீட்டிவிடும் அது வெட்டும் ஓரத்துக்குத்தான், மடிப்புக்கு உதவவில்லை. ஆனால் அந்த யோசனை வேறு இடத்தில் பயன்பட்டது. பசை ஒட்டும் மடல் முழுக்கப் பச்சை இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது என்று அச்சகம் திருப்பி அனுப்பியது (இதை யாருமே சொல்லவில்லை!), அதனால் மடிப்பைத் தாண்டி 3 மி.மீ. மட்டும் நிறத்தை ஓடவிட்டு மீதியை வெறுமையாக விட்டேன்.

பவுச் பற்றிக் கேட்டவரே, அதன் சீல் பகுதிக்குக் கணக்கு வேறு, தனியாகக் கேளுங்கள். புதுப் பெட்டியில் ஒரு மூலையில் மட்டும் மை லேசாக வெடிக்கிறது, அது அட்டையின் இழை திசையாலா என்று இன்னும் தெரியவில்லை.