புதுப்பிப்பு: சப்ளை பிளானர் பதவிக்கான முகப்புக் கடிதம்

"வேலை அனுபவமில்லாத லொஜிஸ்டிக்ஸ் பட்டதாரி நான்; கடிதத்தில் எதை எழுதுவது?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

எக்செல் திறமையை முதலில் எழுதச் சொன்ன தம்பியின் யோசனை பாதி பயன்பட்டது. கொழும்பில் இதே பணியிலுள்ள அக்கா ஒருவர் சொன்னபடி, இறுதியாண்டு ஆய்வையே நடுப்பத்தியாக்கினேன்: வாராந்தத் தேவை சராசரி 200 பெட்டிகள், நியம விலகல் 30, சரக்கு வந்துசேர 4 வாரங்கள் என்பதால், 95 சதவீதச் சேவை மட்டத்துக்குப் பாதுகாப்பு இருப்பு 1.65 × 30 × √4, அதாவது 99 பெட்டிகள். 4 வாரத் தேவையான 800 பெட்டிகளுடன் இதைக் கூட்டினால் 899; கையிருப்பும் வரவிருப்பதும் சேர்ந்து அந்த அளவுக்கு இறங்கும்போது அடுத்த கட்டளை.

துறைமுகத் தாமதத்தால் அந்த 4 வாரங்கள் கூடிக் குறைந்தால் 99 போதாது என்பதையும் அக்கா சேர்க்க வைத்தார். கடிதத்தின் மிக வலுவான வரி அதுவே என்று நம்புகிறேன். கணக்கை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பவர்களுடன் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.