விறைத்த பகுதியா, குறுகிய பாதையா: வேகமான மூச்சில் பின்தங்குவது எது?

இரண்டாமாண்டு: வகுப்புக் குறிப்பில் ஒரு வரி: "வேகமாக மூச்சு விட்டால் நுரையீரலின் விறைத்த பகுதிகளும் குறுகிய பகுதிகளும் சரியாக நிரம்பாது." ஆனால் நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் காட்டும் நேர மாறிலி τ = R × C, அதாவது பாதையின் தடை × விரியும் தன்மை என்றால், விறைத்த பகுதிக்கு C குறைவு, τ சின்னது, சீக்கிரமே நிரம்ப வேண்டுமே? குறிப்பு தப்பா, நான் தப்பா?

காற்றாடி: குறிப்பு சரிதான். புது பலூனை ஊதிப் பாருங்கள். தடித்த ரப்பர் என்றால் கன்னம் வலிக்கும், நேரமும் பிடிக்கும். மெல்லிய பலூன் ஒரே ஊதலில் பெரிதாகிவிடும். விறைப்பு என்றாலே தாமதம். சூத்திரத்தை அப்படியே நம்பினால் இப்படித்தான் குழப்பம் வரும்.

இரவுப்பணி: பலூன் உதாரணத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தடித்த பலூனில் நேரம் பிடிப்பதற்குக் காரணம், போதுமான அழுத்தத்தை வாயால் உடனே கொடுக்க முடியாததுதான். இரண்டு பலூன்களுக்கும் ஒரே அழுத்தத்தை விடாமல் கொடுத்துப் பாருங்கள். தடித்தது சட்டென்று தன் சிறிய அளவை எட்டி அதோடு நின்றுவிடும். மெல்லியது பெரிதாகிக்கொண்டே இருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வென்டிலேட்டரோடு இருந்தவன் என்பதால் எண்களோடு சொல்கிறேன். மூன்று பகுதிகள், மூன்றுக்கும் 10 செ.மீ. நீர் அழுத்தம். முதலாவது சாதாரணமானது: ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு 50 மி.லி. விரியும், தடை வினாடிக்கு ஒரு லிட்டர் ஓட்டத்துக்கு 10 செ.மீ. நேர மாறிலி அரை வினாடி. இரண்டாவது விறைத்தது: அதே தடை, ஆனால் ஒரு செ.மீ.க்கு 20 மி.லி.தான் விரியும். நேர மாறிலி 0.2 வினாடி. மூன்றாவது, விரிவு முதலாவதைப் போலவே, பாதை மட்டும் குறுகியது, தடை 40. நேர மாறிலி 2 வினாடி.

நிமிடத்துக்கு 10 மூச்சு, உள்மூச்சுக்கு 2 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பகுதி சுமார் 490 மி.லி. வாங்கும், விறைத்தது 200, குறுகியது 316. இப்போது 40 மூச்சாக்குங்கள், உள்மூச்சு அரை வினாடிதான். சாதாரணம் 316, விறைத்தது 184, குறுகியது வெறும் 111.

விறைத்த பகுதி இழந்தது 200இல் 16 மட்டும். அது முன்னாலும் கொஞ்சமே வாங்கியது, இப்போதும் ஏறக்குறைய அவ்வளவே வாங்குகிறது. வேகத்தால் அடி வாங்கியது குறுகிய பாதைதான். குறிப்பு எழுதியவர் 'குறைவாக நிரம்புவது', 'மெதுவாக நிரம்புவது' இரண்டையும் ஒரே வரியில் அடைத்துவிட்டார். உங்கள் சந்தேகம் சரியானது.

காற்றாடி: கணக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஒரே அழுத்தத்தை முதல் நொடியிலிருந்தே கொடுக்கிறீர்கள். மனிதர் தானாக மூச்சு இழுக்கும்போது தசை அழுத்தம் படிப்படியாகத்தான் ஏறும். அப்போது இந்த எண்கள் எதுவும் நிற்காது.

இரவுப்பணி: எண்கள் மாறும், வரிசை மாறாது. அழுத்தம் மெல்ல ஏறினால் விறைத்த பகுதி அதோடு ஒட்டியே போகும், குறுகியது பின்னால் இழுபடும்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. மேலே சொன்ன 111 மி.லி. முதல் மூச்சுக்கான கணக்கு. வெளிமூச்சுக்கு ஒரு வினாடி கிடைக்கிறது. 2 வினாடி மாறிலி உள்ள பகுதி அந்த நேரத்தில் தன்னிடம் இருப்பதில் 39 சதவீதத்தைத்தான் வெளியே விடும். மிச்சம் உள்ளேயே தங்க, அதன்மேல் அடுத்த மூச்சு ஏறும். சில மூச்சுகளில் நிலை நிலைப்படும்போது அந்தப் பகுதியில் சுமார் 127 மி.லி. சிக்கியிருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் போய்வருவது 82 மி.லி.தான். அதாவது உள்ளே 2.5 செ.மீ. அழுத்தம் எப்போதும் மிச்சம். இதுவும் உள்ளே போகவும் வெளியே வரவும் தடை ஒன்றே என்று வைத்த கணக்கு. ஆஸ்துமாவிலும், நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சிஓபிடியிலும் வெளிமூச்சில் பாதை இன்னும் சுருங்கும், நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

படுக்கை அருகே இது கண்ணுக்கே தெரியும். வென்டிலேட்டர் திரையில் வெளிமூச்சு ஃப்ளோ கோடு பூஜ்யத்தைத் தொடுவதற்கு முன்பே அடுத்த மூச்சு வெட்டிக்கொண்டு ஏறும். ஒருமுறை ஆஸ்துமா நோயாளிக்கு கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்று யாரோ மூச்சு எண்ணிக்கையை 28க்கு உயர்த்திவிட்டார்கள். உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தத்தால் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. 12க்குக் குறைத்தோம், கோடு பூஜ்யத்தைத் தொட்டது, கொஞ்ச நேரத்தில் இரத்த அழுத்தமும் ஏறியது.

மலைமுகில்: குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ். சின்னச் சின்னதாக, வேகவேகமாக மூச்சு விடுகிறார். வீட்டில் எல்லாரும் "மெதுவா, ஆழமா இழுங்கப்பா" என்கிறோம். அப்படிச் செய்தால் இன்னும் களைத்துப்போகிறார். வேக மூச்சு கெடுதல் என்றுதானே இங்கே பேசுகிறீர்கள்?

இரவுப்பணி: இல்லைங்க, உங்கள் அப்பா விஷயம் நேர்மாறானது. நான் கெடுதல் என்று சொன்னது குறுகிய பாதைக்கு. தழும்பேறிய நுரையீரல் விறைத்தது, அதற்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. அதை ஆழமாக விரிக்கத்தான் பலம் வேண்டும். அளவை இரட்டிப்பாக்கினால் விரிப்பதற்கான உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். அதனால் உடம்பு தானாகவே சின்ன மூச்சு, அதிக எண்ணிக்கை என்று தேர்ந்துகொள்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், ரத்தத்துக்குப் பயன்படாது. மூச்சு சின்னதாக ஆக ஆக அந்த வீண் பங்கு பெரிதாகும். அவரை ஆழமாக இழுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எந்த வேகம் அவருக்குச் சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மலைமுகில்: இதை யாரும் சொல்லவில்லை. இன்றே அம்மாவிடம் சொல்கிறேன்.

காற்றாடி: சரி, ஃபைப்ரோசிஸில் விட்டுக்கொடுக்கிறேன். நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படும் ஏஆர்டிஎஸ்ஸை எப்படி விளக்குவீர்கள்? அதுவும் விறைத்த நுரையீரல்தான். அங்கே அழுத்தத்தைப் பல வினாடி பிடித்துவைத்தால் கூடுதல் பகுதி திறக்கிறது. சின்ன τ என்றால் அந்த நேரம் எதற்கு?

இரவுப்பணி: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அங்கே நடப்பது வேறு. ஏற்கெனவே திறந்திருக்கும் பகுதி சின்ன τ கணக்குப்படியே உடனே நிரம்புகிறது. மூடிக்கிடக்கும் பகுதிக்கு R × C என்ற கணக்கே கிடையாது. அது பிரிந்து திறக்க வேண்டும், அதற்கு அழுத்தமும் நேரமும் வேண்டும். திசுவும் இழுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அந்த அளவில் "விறைப்பு என்றால் தாமதம்" என்ற உங்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. ஒற்றை மாறிலி அதைச் சொல்லாது.

காற்றாடி: அப்படியானால் குறிப்பில் இருப்பதும் முழுத் தப்பில்லை.

இரவுப்பணி: மூடிய பகுதியை மனதில் வைத்து எழுதியிருந்தால் ஒத்துக்கொள்வேன். அப்படி எழுதியதாகத் தெரியவில்லை.

இரண்டாமாண்டு: எனக்கு ஒன்று மட்டும் பாக்கி. நோயாளியிடம் மூன்று பகுதியையும் தனித்தனியாக அளக்க முடியாதே, குறுகிய பாதை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இரவுப்பணி: மூச்சு வேகத்தை மாற்றி மாற்றி கம்ப்ளையன்ஸை, அதாவது ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்பதைப் பாருங்கள். உணவுக்குழாயில் சிறு பலூன் வைத்து அளப்பார்கள். ஆரோக்கியமான நுரையீரலில் வேகம் கூடினாலும் கம்ப்ளையன்ஸ் பெரிதாக இறங்காது. சிறு மூச்சுக்குழாய்களில் அடைப்பு இருந்தால் வேகம் ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். மெதுவான பகுதிகள் ஒவ்வொன்றாக ஆட்டத்திலிருந்து விலகுவதால், மிச்சமிருக்கும் பகுதிகள்தான் முழு மூச்சையும் தாங்க வேண்டியிருக்கும். 1969இல் வுல்காக், வின்சென்ட், மேக்லெம் மூவரும் காட்டியது இதைத்தான். வழக்கமான ஊதல் சோதனை சரியாக இருந்தவர்களிடமும் இந்த இறக்கம் தெரிந்தது.

காற்றாடி: மூடிய பகுதிகள் இருக்கும் நுரையீரலில் வேகத்தைக் கூட்டினாலும் இதே இறக்கம் வராதா? அப்போது எது குறுகியது, எது மூடியது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

இரவுப்பணி: அந்த ஒரு வரைபடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வெளிமூச்சின் முடிவிலும் வென்டிலேட்டர் உள்ளே விட்டுவைக்கும் அழுத்தமான பீப்பை உயர்த்திவிட்டு மறுபடி அளந்து பார்ப்பேன். மூடியது திறந்தால் மெதுவான மூச்சிலேயே கம்ப்ளையன்ஸ் ஏறும். ஏறாமல், வேகத்தோடு சேர்ந்து இறங்குவது மட்டும் அப்படியே இருந்தால், பாதையைச் சந்தேகிப்பேன். இரண்டும் கலந்திருக்கும் நோயாளியிடம் இதுவும் தெளிவாக வராது.