சம்பளத்தில் 4,000 ரூபாய் குறைந்திருக்கிறது, பேரோல் குழுவுக்கு எப்படி எழுதுவது?

அம்பத்தூர்_பையன் | செப்டம்பர் 1, காலை 9.10
அவசரம். நேற்று சம்பளம் வந்தது. 4,000 ரூபாய் குறைவு. எந்தக் காரணமும் சொல்லவில்லை. கீழே உள்ள மின்னஞ்சலை இப்போதே அனுப்பப் போகிறேன். மனிதவளத் தலைவருக்கும் நகல் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

"என் சம்பளத்தில் 4,000 ரூபாயை அனுமதி இல்லாமல் பிடித்துவிட்டீர்கள். இதற்கு யார் பொறுப்பு? இன்று மாலைக்குள் பணம் வரவில்லையென்றால் அடுத்த நடவடிக்கை எடுப்பேன்."

மலர்விழி_க | 9.22
அனுப்பாதீர்கள். எந்த மாதச் சம்பளம்? 4,000 எதிலிருந்து குறைந்தது, மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வந்ததிலா? சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தீர்களா, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை மட்டும் பார்த்தீர்களா?

வேலூர்_வேங்கை | 9.25
வருமான வரிதான். சந்தேகமே வேண்டாம். எனக்கும் இப்படித்தான் ஒரே மாதத்தில் 11,000 பிடித்தார்கள். முதலீட்டுச் சான்று கொடுக்கவில்லை என்றார்கள்.

விதிமுறை_வேந்தன் | 9.31
ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இதே கேள்வி. ஊர், மாதம், சம்பளம், சீட்டில் உள்ள வரிகள், இவை நான்கும் இல்லாமல் கேட்டால் இங்கே யாருக்கும் ஜோசியம் தெரியாது. தன் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் அடுத்தவருக்கு மிரட்டல் கடிதம் எழுதுவதை என்னவென்று சொல்வது?

அம்பத்தூர்_பையன் | 9.48
மன்னிக்கவும். ஆகஸ்ட் சம்பளம். மாதம் 42,000. வழக்கமாகக் கைக்கு 40,200 வரும். சீட்டை இப்போதுதான் இறக்கினேன்:

```
Paid Days: 29.00
LOP Days: 2.00
Gross Earnings: 39,290
PF: 1,800
Professional Tax: 1,250
Net Pay: 36,240
```

நான் சம்பளமில்லா விடுப்பே எடுக்கவில்லை.

மலர்விழி_க | 9.53
முழுச் சீட்டையும் படமாக எடுத்துப் போடாமல் இந்த வரிகளை மட்டும் எழுதியது நல்லது. அதில் பான் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும்.

வேலூர்_வேங்கை | 9.55
வருமான வரி என்ற வரியே இல்லையே. சரி, வாபஸ்.

கணக்குப்பிள்ளை | 10.20
தம்பி, நான் பதினொரு வருடமாகப் பேரோல் பார்க்கிறேன். உங்களுக்குக் குறைந்தது 4,000 அல்ல, 3,960. இந்த வித்தியாசம் முக்கியம். அதை இரண்டாகப் பிரித்தால் விஷயம் புரிந்துவிடும். 42,000-ஐ ஆகஸ்ட் மாதத்தின் 31 நாளால் வகுத்து இரண்டு நாளுக்குப் பெருக்கினால் 2,710. அதோடு தொழில் வரி 1,250. கூட்டினால் 3,960. ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

தொழில் வரி தவறாக இருக்க வாய்ப்பில்லை. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குமான வரியைப் பல நிறுவனங்கள் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மொத்தமாகப் பிடிக்கும். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250. நீங்கள் ஏப்ரலில் சேர்ந்தவரா? அப்படியென்றால் இதுதான் முதல் முறை, அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வருமான வரி இல்லாததும் சரியே. இந்தச் சம்பளத்துக்கு வரி வராது.

மீதி அந்த இரண்டு நாள். ஆகஸ்டில் விடுப்பு எடுத்தீர்களா? எந்தத் தேதி, மேலாளர் எப்போது ஒப்புதல் கொடுத்தார்?

புனே_தமிழன் | 10.34
தொழில் வரி மாதம் 200 தானே? பிப்ரவரியில் மட்டும் 300. 1,250 என்றால் உங்கள் நிறுவனம் ஏமாற்றுகிறது. விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 10.41
ஐயா, அது மகாராஷ்டிரா. இவர் அம்பத்தூர். இந்த வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வருடத்துக்கு 2,500-க்கு மேல் போகக்கூடாது என்பது மட்டும்தான் எல்லோருக்கும் பொது. உங்கள் பதினொரு மாதத்து 200-ஐயும் பிப்ரவரி 300-ஐயும் கூட்டுங்கள், அதே 2,500 வரும்.

அம்பத்தூர்_பையன் | 11.05
ஆமாம், ஏப்ரலில்தான் சேர்ந்தேன். ஆகஸ்ட் 18, 19 தேதிகளில் விடுப்பு எடுத்தேன், ஊரில் தங்கை நிச்சயதார்த்தம். 14-ஆம் தேதியே விண்ணப்பித்துவிட்டேன். மேலாளர் வெளியூரில் இருந்தார், 22-ஆம் தேதி ஒப்புதல் கொடுத்தார். அது எனக்கு முழுச் சம்பள விடுப்புதானே? கையில் ஐந்து நாள் இருந்தது.

கணக்குப்பிள்ளை | 11.19
இப்போது பிடிபட்டது. பல இடங்களில் வருகைப் பதிவை 20-ஆம் தேதியோ 21-ஆம் தேதியோ மூடிவிடுவார்கள். அன்றைக்கு உங்கள் 18, 19 வருகையும் இல்லாமல், ஒப்புதல் பெற்ற விடுப்பும் இல்லாமல் வெறுமையாக நின்றிருக்கும். மென்பொருள் அதைச் சம்பளமில்லாத நாளாக எடுத்துக்கொண்டது. யாரும் உங்கள் பெயரைப் பார்த்துப் பிடிக்கவில்லை. 22-ஆம் தேதி வந்த ஒப்புதல் ஓடிப்போன ரயிலுக்கு எடுத்த டிக்கெட்.

விடுப்புப் பக்கத்தைத் திறந்து, இப்போது கையிருப்பு எத்தனை என்று பாருங்கள். அது மூன்று என்று காட்டினால் உங்கள் கையில் உள்ள மிக வலுவான சான்று அதுதான். விடுப்பும் கழிந்திருக்கிறது, சம்பளமும் கழிந்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளுக்கு நடக்க முடியாது.

தினக்கூலி | 11.30
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 31-ஆல் வகுத்ததே சட்டவிரோதம். சட்டப்படி 26-ஆல்தான் வகுக்க வேண்டும். அதையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.

விதிமுறை_வேந்தன் | 11.36
கேட்கட்டும். 26-ஆல் வகுத்தால் இரண்டு நாளுக்கு 3,231 ரூபாய் பிடித்திருப்பார்கள். உங்கள் ஆலோசனையால் தம்பிக்கு இன்னும் 521 நஷ்டம்.

தினக்கூலி | 11.40
கொள்கைக்காகச் சொன்னேன்.

மலர்விழி_க | 11.44
26 என்பது பணிக்கொடைக் கணக்கில் வரும் எண். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15 நாளுக்குப் பெருக்குவார்கள். அதை மாதச் சம்பளப் பிடித்தத்துக்கும் சட்டம் என்று நினைப்பது பலருக்கும் உள்ள குழப்பம்.

தினக்கூலி | 11.52
எங்கள் ஆலையில் 26-தான். இருபது வருடமாக. அப்படியானால் எங்கள் ஆலை தவறா?

கணக்குப்பிள்ளை | 12.05
தவறில்லை. வார விடுமுறைக்குச் சம்பளம் தனியாகக் கிடையாது என்று வைத்துக் கணக்கிடும் இடங்களில் 26 பொருந்தும். 30 வைப்பவர்கள் உண்டு, அந்தந்த மாதத்தின் நாட்களை வைப்பவர்களும் உண்டு. பணி நியமனக் கடிதமோ நிறுவனத்தின் கொள்கையோ என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இதை வைத்து இந்த இழையில் யுத்தம் வேண்டாம்.

(அடுத்த பதினாறு பதிவுகள் 26-ஐப் பற்றியவை, மட்டுறுத்துநர் வேறு இழைக்கு மாற்றிவிட்டார்.)

அம்பத்தூர்_பையன் | பிற்பகல் 1.15
கையிருப்பு மூன்று என்றுதான் காட்டுகிறது! இப்போது எப்படி எழுதுவது? பழையதைக் கிழித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை | 1.40
முதல் தேதியன்று எங்கள் பெட்டியில் இருநூறு கடிதம் கிடக்கும். "4,000 குறைவு" என்ற கடிதத்தை எடுத்தால், அவர் யார், எந்த மாதம், எந்த வரி என்று நாங்களே தேட வேண்டும். தேட நேரமில்லாமல் "சீட்டைச் சரிபார்க்கவும்" என்று பதில் போட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். எண்ணும் தேதியும் உள்ள கடிதம் இரண்டு நிமிடத்தில் முடியும். இப்படி எழுதலாம்:

"தலைப்பு: ஆகஸ்ட் சம்பளம், LOP Days 2.00, பணியாளர் எண் …

வணக்கம். ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் LOP Days 2.00 என்று இருக்கிறது. ஆகஸ்ட் 18, 19 தேதிகளுக்கு 14-ஆம் தேதி விண்ணப்பித்த விடுப்பு 22-ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. விடுப்புக் கையிருப்பிலும் இந்த இரண்டு நாள் கழிந்து, இப்போது 3 என்று காட்டுகிறது. வருகைப் பதிவு மூடிய பிறகு ஒப்புதல் வந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். என் கணக்கில் வித்தியாசம் 2,710 ரூபாய். சரிபார்த்து, செப்டம்பர் சம்பளத்தில் சேர்க்க இயலுமா என்று தெரிவிக்கவும். ஒப்புதல் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்."

தொழில் வரியை இதில் கலக்காதீர்கள். சரியாகப் பிடித்ததையும் தவறாகப் பிடித்ததையும் ஒரே மூச்சில் கேட்டால், சரியானதற்கு மட்டும் விளக்கம் வந்து கடிதத்தை முடித்துவிடுவார்கள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனிதவளத் தலைவரின் நகலை எடுத்துவிடுங்கள். மேலாளர் தாமதித்தார் என்றும் எழுத வேண்டாம், தேதிகளே அதைச் சொல்லிவிடும்.

புனே_தமிழன் | 1.52
இவ்வளவு பணிவு எதற்கு? நம் பணம்தானே?

மலர்விழி_க | 1.58
பணிவு எங்கே இருக்கிறது? ஒரு வார்த்தை கெஞ்சல் இல்லை. தம்பி, எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், உங்களுக்கும் அப்படியென்றால் வரிசையை மாற்றாமல் மொழியை மட்டும் மாற்றுங்கள். "என்று நினைக்கிறேன்" என்பதை விட்டுவிடாதீர்கள். காரணத்தை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

விதிமுறை_வேந்தன் | 2.10
அனுப்பிய பிறகு என்ன பதில் வந்தது என்று இங்கே சொல்லுங்கள். யாரும் சொல்வதில்லை.

அம்பத்தூர்_பையன் | செப்டம்பர் 3
பதில் வந்தது. "ஒப்புதல் தாமதமாக வந்ததால் பிடித்தம் ஆகியிருக்கிறது, செப்டம்பரில் நிலுவையாகச் சேர்க்கப்படும்." நன்றி கணக்குப்பிள்ளை சார்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 3
செப்டம்பர் சீட்டில் நிலுவை என்ற இடத்தில் உள்ள தொகையைப் பாருங்கள். ஆகஸ்டுக்கு 31 நாள், செப்டம்பருக்கு 30. திருப்பித் தரும்போது ஆகஸ்ட் கணக்கில்தான் தர வேண்டும். பல மென்பொருள்கள் நடப்பு மாதத்தை எடுத்துவிடும்.

அம்பத்தூர்_பையன் | செப்டம்பர் 30
வந்துவிட்டது. ஆனால் 2,800. எனக்கு 90 ரூபாய் அதிகம். சொல்ல வேண்டுமா?

வேலூர்_வேங்கை | செப்டம்பர் 30
90 ரூபாய்க்கு ஒரு கடிதமா? டீ குடியுங்கள்.

தினக்கூலி | செப்டம்பர் 30
26-ஆல் வகுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 30
சொல்லுங்கள். அதே கடிதத்துக்குக் கீழே இரண்டு வரி போதும். ஜனவரியில் 31-ஆல் வகுத்துப் பிடித்ததைப் பிப்ரவரியில் 28-ஆல் வகுத்துத் திருப்பித் தந்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு போகும் என்று அவர்களே யோசிப்பார்கள்.

விதிமுறை_வேந்தன் | அக்டோபர் 4
சொன்னீர்களா?

மலர்விழி_க | அக்டோபர் 19
தம்பி?