புதுப்பிப்பு: மேலாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்

நான் கேட்டிருந்தது: "சப்ளையர் பில் மூன்று, நமக்கு வரும் வரி கிரெடிட்டைக் காட்டும் GSTR-2B பட்டியலில் வரவில்லை. கொள்முதல் பார்க்கும் அண்ணாச்சியிடம் இரண்டு முறை சொல்லியும் நகரவில்லை. அவரைக் குறை சொல்லாமல் மேலாளரிடம் எப்படிக் கொண்டு போவது?"

எங்கள் கடை திருநெல்வேலி டவுனில். முதலில் எழுதிய வரி, "அண்ணாச்சி இன்னும் கேட்கவில்லை." பாளையங்கோட்டை கணக்காளர் அக்கா சொன்னபடி அதை எடுத்துவிட்டுப் பில்லை முன்னால் வைத்தேன்:

"மூன்று பில், வரி ரூ.21,600, 2B-இல் இல்லை. 14, 16 தேதிகளில் அண்ணாச்சியும் நானும் பேசினோம். சப்ளையர் பதில் வரவில்லை. 20ஆம் தேதி நம் 3B ரிட்டர்ன் தாக்கல். சப்ளையருக்குத் தரவேண்டிய பணத்தில் வரித்தொகையை மட்டும் நிறுத்தலாமா? நாளைக்குள் சொன்னால் போதும்."

'அண்ணாச்சிக்கு சிசி போடு' என்று இங்கே ஒரு தம்பி சொன்னது பாதி சரி. சொல்லாமல் போட்டிருந்தால் அது புகார்தான். அனுப்புமுன் அண்ணாச்சியிடமே காட்டினேன். "சப்ளையரிடம் கணக்கு எழுதுறவர் மாறிட்டார், அதையும் சேரும்வே" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது! சேர்த்தேன்.

மேலாளர் அன்றே சப்ளையரிடம் பேசினார். இரண்டு பில் ஏற்றிவிட்டார்கள். சப்ளையர் பில் ஏற்றவேண்டிய 11ஆம் தேதி கடந்ததால் கிரெடிட் அடுத்த மாத 2B-இல்தான் வரும். மூன்றாவது இழுபறிதான், பணத்தை நிறுத்தியிருக்கிறோம்.