பத்துக்கு எத்தனை குறைகிறது? மொச்சையும் சீட்டுக்கட்டும் வைத்து விளையாடியவர்களின் அனுபவம்

யீஷுன் நிலா

மகள் இந்த வருடம் கே ஒன். பத்துவரை தடுமாறாமல் எண்ணுவாள். கூட்டலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். தேக்காவில் வாங்கிய மொச்சைக்கொட்டையில் பத்தை எடுத்து ஒரு தட்டில் போடுவேன். அவள் எண்ணிப் பார்த்துப் பத்து என்று சொன்னதும் கண்ணை மூடச் சொல்லி, கொஞ்சத்தை டம்ளருக்கு அடியில் ஒளித்து வைப்பேன். வெளியே இருப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

மூன்றை ஒளித்தால் நாலு என்கிறாள். இரண்டை ஒளித்தால் மூணு. ஐந்தை ஒளித்தால் ஆறு. டம்ளரைத் தூக்கிக் காட்டினால் "ஐயோ!" என்று சிரிக்கிறாள், அடுத்த முறையும் அதே மாதிரி. இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வைத்தேன். பன்னிரண்டு முறையில் ஒன்பது தவறு. அந்த ஒன்பதிலும் சரியாக ஒன்று கூடுதல். ஊகித்துச் சொல்கிற பிள்ளையாக இருந்தால் சில நேரம் குறைத்தும் சொல்வாளே? இதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொங்கோல் செல்வம்

மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள். மொத்தமே ஐந்து ஜோடிதான்: 1-9, 2-8, 3-7, 4-6, 5-5. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன், என் பையன் ஒரே வாரத்தில் பாட்டு மாதிரி ஒப்பித்தான். தொடக்கநிலை ஒன்றுக்குப் போனதும் அங்கே வேகம்தான் வேண்டும். கொட்டை, டம்ளர் எல்லாம் நேரம் எடுக்கும்.

ஜூரோங் மல்லிகா டீச்சர்

நிலா, குறித்து வைத்தீர்கள் பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது. எப்போதும் ஒன்றே ஒன்று கூடுகிறது என்றால் பிள்ளை ஊகிக்கவில்லை. ஒரு வழியில்தான் போகிறாள், அந்த வழி ஓர் இடத்தில் பிசகுகிறது. பாலர் பள்ளியில் இருந்த வருடங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை விடையைக் கேட்காதீர்கள், விரலைப் பாருங்கள். வெளியே ஏழு இருக்கும்போது அவள் "செவன், எயிட், நைன், டென்" என்று சொல்லி, சொல்லுக்கு ஒரு விரல் நீட்டுவாள் என்று நினைக்கிறேன். நான்கு சொல், நான்கு விரல், ஆகவே நாலு. தட்டில் ஏற்கெனவே கிடக்கிற ஏழுக்கும் ஒரு விரல் போய்விட்டது.

"செவனை எண்ணாதே" என்று சொல்லிப் பார்க்காதீர்கள். ஏன் எண்ணக் கூடாது என்பது அவளுக்குப் புரியாது. அவளுடைய உள்ளங்கையை வெளியே உள்ள கொட்டைகளின் மேல் வைத்து மூடச் சொல்லுங்கள். "இங்கே ஏழு இருக்கு" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லட்டும். பிறகு அதே கை டம்ளருக்குப் போகட்டும். டம்ளரை முதல் தட்டு தட்டும்போது "எட்டு". இந்தக் கை மாறும் இடம்தான் முக்கியம்.

இன்னொன்று. டம்ளருக்கு முன்னால் கட்டம் வேண்டும். ஒரு தாளில் மேலே ஐந்து, கீழே ஐந்தாகப் பத்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கொட்டையாக மேல் வரிசையிலிருந்து நிரப்பச் சொல்லுங்கள். ஏழு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருக்கும், மூன்று கட்டம் காலி. மூன்றை இந்த வயதில் எண்ண வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரியும். சில நாள் கட்டத்தோடு ஆடிவிட்டு அப்புறம் டம்ளரைக் கொண்டு வாருங்கள்.

செல்வம் தம்பி, ஜோடிகள் கடைசியில் மனத்தில் நிற்கத்தான் வேண்டும், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்று ஒன்று செய்து பாருங்கள். பையனிடம் "ஏழுக்கு எவ்வளவு சேர்ந்தால் பத்து?" என்று நடுவிலிருந்து கேளுங்கள். 3-7 என்று அல்ல, ஏழிலிருந்து தொடங்கி.

அங் மோ கியோ ரஹீமா

ஒன்று கூடுதல் என்றதும் எனக்கு என் மகன் ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு எப்போதும் இரண்டு குறைவு!

நாங்கள் சீட்டுக்கட்டோடு ஆடினோம். ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, பத்து ஆவதற்கு எத்தனை கொட்டை வேண்டுமோ அதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 6 வந்தால் இரண்டு கொட்டை வைத்தான். 7 வந்தால் ஒன்று. 8 வந்தால் "வேண்டாம்மா, இதுவே பத்து" என்றான். 9 வந்தபோது "கூடிப் போச்சு" என்று அழுதே விட்டான். கணக்கு வரவில்லை என்று நானும் பயந்து போனேன்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலையே பார்த்தேன். ஹார்ட்டின் ஏழு. இடது மூலையில் எண்ணுக்குக் கீழே பொடியாக ஒரு ஹார்ட் இருக்கிறதல்லவா, அங்கேதான் முதல் விரல். அப்புறம் நடுவில் உள்ள ஏழு. கடைசியாக எதிர் மூலையில் தலைகீழாக இருக்கும் இன்னொரு பொடி ஹார்ட். மொத்தம் ஒன்பது. அதற்கு ஒரு கொட்டை வைத்தது முழுக்கச் சரி! நமக்கு அந்த மூலைக் குறி கண்ணிலேயே படுவதில்லை. அவனுக்கு அதுவும் ஒரு ஹார்ட்தான்.

வெள்ளை ஒட்டுத்தாளைப் பொடியாக வெட்டி அந்தக் குறிகளின் மேல் மட்டும் ஒட்டினேன். எண்ணை மறைக்கவில்லை, அது அவனுக்கு வேண்டும். அன்று மாலையே சரியாகிவிட்டது. எனவே நிலா, விடை மாறாத அளவில் தவறினால் முதலில் பொருளைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் பிள்ளையை.

செங்காங் கார்த்தி

என் மகள் தொடக்கநிலை ஒன்று. 8+5 போன்ற கணக்குகளில் ஒரு தாளுக்கு அரை மணி நேரம் ஆகிறது. வட்டம் வட்டமாகப் போட்டு எண்ணைப் பிரிக்கச் சொல்கிறார்கள். அதற்கு நல்ல பயிற்சிப் புத்தகம் எது?

ஜூரோங் மல்லிகா டீச்சர்

கார்த்தி, இங்கே பேசிக்கொண்டிருப்பது ஐந்து வயதுக் கதை, ஆனால் உங்கள் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. 8 பத்தாக 2 வேண்டும். அந்த 2-ஐ 5-லிருந்து எடுத்தால் 3 மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இதில் இரண்டு வேலை இருக்கிறது. எட்டின் ஜோடி தெரியாமல் நிற்கிறாளா, ஜோடி தெரிந்தும் ஐந்தைப் பிரிக்கும்போது நிற்கிறாளா? அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முதலாவது என்றால் புத்தகம் வேண்டாம், மொச்சை போதும்.

தெம்பனிஸ் பாட்டி

இரண்டு பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து எழுதுகிறேன். மூத்தவளுக்கு ஐந்து, சின்னவனுக்கு இரண்டு. அவள் கொண்டைக்கடலை வைத்து விளையாட, இவன் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான். ராத்திரி மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது பத்தையும் எண்ணி எடுத்து, பத்தையும் எண்ணித்தான் டப்பாவில் போடுவோம். ராஜ்மா வைத்திருப்பவர்கள் பச்சையாக வாயில் போட விடாதீர்கள், வேகாத ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம். பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணுகிறாள், என்னோடு தமிழில். குழப்பமாகிவிடாதா? பத்தைத் தாண்டும்போது தமிழில் பதினொன்று, பன்னிரண்டு என்று சொல்லிலேயே பத்து கேட்கிறது. அது நல்லதாகத்தான் படுகிறது.

ஜூரோங் மல்லிகா டீச்சர்

அம்மா, இரண்டு மொழியும் இருக்கட்டும், ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மொழி. "செவன், எட்டு, ஒன்பது" என்று நடுவில் மாறினால் கை தடுமாறும்.

அங் மோ கியோ ரஹீமா

டீச்சர், இதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. என் மகன் கலந்துதான் எண்ணுவான், ஒரு நாளும் தடுமாறவில்லை.

பொங்கோல் செல்வம்

டீச்சர் சொன்னபடி கேட்டேன். "ஏழுக்கு?" என்றதும் அவன் ஒன்று-ஒன்பதிலிருந்து முழுப் பாட்டையும் தொடங்கி 3-7 வரை வந்து நின்றான். பிறகு "ஏழு" என்று விடை சொன்னான். பாட்டு இருக்கிறது, பத்து அவனிடம் இல்லை. இன்று கட்டம் வரைந்திருக்கிறேன். தாளை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை, அதுவும் உதவும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

யீஷுன் நிலா

டீச்சர், அச்சு அசலாக நீங்கள் சொன்னதுதான்! ஆறு வெளியே இருந்தது. "சிக்ஸ்" என்று சொல்லும்போதே கட்டை விரல் நீண்டுவிட்டது. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்தும் நான் அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நாள் கட்டம் மட்டும். காலிக் கட்டத்தை எண்ணாமலே சொல்லத் தொடங்கினாள். பிறகு டம்ளர். உள்ளங்கையை வைத்து மூடுவது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கோழி அடைகாக்கிற மாதிரி என்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று ஒளித்தால் இப்போது சரியாக வருகிறது. நான்கை ஒளித்தால் சில நேரம் பழையபடி ஐந்து என்கிறாள், அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

நேற்று ரஹீமா அக்கா சொன்னபடி மூலைகளை ஒட்டி மறைத்துவிட்டுச் சீட்டிலும் ஆடினோம். ஏஸ் முதல் 9 வரை மட்டும், நான்கு வகையிலும் சேர்த்து 36 சீட்டு. எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பத்து வரும் ஜோடியாக மாறி மாறி எடுக்க வேண்டும். பிசகாமல் எடுத்தால் 18 ஜோடி, ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் 3-ம் 6-ம் மிஞ்சின. இரண்டும் சேர்ந்தால் ஒன்பதுதானே. இங்கே ஒன்று குறைகிறது என்றால் எங்கேயோ ஒரு ஜோடி பதினொன்றாகப் போயிருக்கிறது. நான் சொல்லவில்லை, "நம்ம ஜோடி எல்லாம் சரியான்னு பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டேன். தன் அடுக்கை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைத்துப் பார்த்து 7-4 இடத்தில் நின்றாள். "கொட்டைக்கு வீடு இல்லை" என்றாள். பதினோராவது கொட்டை கையிலேயே இருந்தது. நாலை எடுத்து 6-க்குக் கொடுத்தாள், 3-ஐ 7-க்குக் கொடுத்தாள்.

அங் மோ கியோ ரஹீமா

அருமை நிலா! ஏஸ் சீட்டில் எண் இல்லையே, என்ன செய்தீர்கள்? என் மகன் அதை "ஏ" என்றே கூப்பிட்டான்.

யீஷுன் நிலா

பேனாவால் 1 எழுதிவிட்டேன் அக்கா. ஆனால் ஒதுக்கி வைத்த 10 சீட்டைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஜோடி யாரு?" என்று கேட்டாள். டம்ளரைக் காலியாகக் கவிழ்த்து, பத்துக் கொட்டையையும் வெளியே வைத்து, உள்ளே எத்தனை என்றேன். தூக்கிப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்றாள். அதுதான் ஜோடி, அதன் பெயர் ஜீரோ என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போதும் அந்தப் பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாவம், தனியா இருக்கான்" என்று ராஜா சீட்டோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.