அம்பைத் திருப்பிப் போட்டபோது: மீடியேஷன், மாடரேஷன் கட்டுரைகளோடு நமக்கு நேர்ந்தவை

யாழினி

மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகாத ஒன்று. துறையின் வாராந்திர வாசிப்பில் என் ஆய்வின் படத்தைப் பலகையில் வரைந்திருந்தேன். பணிச்சுமையிலிருந்து சோர்வுக்கு ஓர் அம்பு, சோர்விலிருந்து வேலையை விடும் எண்ணத்துக்கு ஓர் அம்பு. ஊழியர்கள் 150 பேர், மூன்றையும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளில் கேட்டது. பணிச்சுமை ஆளைச் சோர்வாக்குகிறது, அந்தச் சோர்வு வேலையை விட வைக்கிறது என்று சொல்லி முடித்தேன். இப்படி ஒன்று இடையில் நின்று விளைவைக் கடத்துவதுதான் மீடியேஷன்.

பின்வரிசையில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளர் எழுந்து வந்தார். டஸ்டரால் இரண்டு சொற்களை மட்டும் அழித்து, இடம் மாற்றி எழுதினார். பணிச்சுமை, அடுத்து விடும் எண்ணம், கடைசியில் சோர்வு. "வேலையை விடுவதென்று முடிவெடுத்தவருக்கு அதே வேலை கூடுதலாகச் சோர்வு தராதா? இதையும் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

அன்றிரவே ஓட்டினேன். தரப்படுத்திய எண்களைத் தருகிறேன். சுமைக்கும் சோர்வுக்கும் ஒட்டுறவு 0.50, சுமைக்கும் விடும் எண்ணத்துக்கும் 0.40, சோர்வுக்கும் விடும் எண்ணத்துக்கும் 0.60. என் படத்தின்படி சுமையிலிருந்து சோர்வுக்கு 0.50; சுமையைக் கணக்கில் வைத்த பின் சோர்விலிருந்து விடும் எண்ணத்துக்கு 0.53. இரண்டையும் பெருக்கினால் வரும் மறைமுக விளைவு 0.27. நேரடியாக மிஞ்சுவது 0.13. அவர் படத்தின்படி 0.40, 0.48, பெருக்கினால் 0.19. பூட்ஸ்ட்ராப்பில் 5000 முறை மறுமாதிரி எடுத்தேன். இரண்டு படத்திலும் மறைமுக விளைவின் நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தைத் தொடவில்லை.

இரண்டுமே 'நிரூபணம்' ஆகிவிட்டன. அப்படியென்றால் நான் எதைக் கண்டுபிடித்தேன்? உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

கதிர்

எனக்கு இதே மாதிரி படம், ஆனால் முடிவு வேறு. என் வழிகாட்டி கேட்ட ஒரே கேள்வி, "முழு மீடியேஷனா, பகுதி மீடியேஷனா?" அதாவது விளைவு முழுவதும் இடையில் நிற்பதன் வழியாகப் போகிறதா, இல்லை ஒரு பகுதி நேரடியாகவும் போகிறதா என்று. மீடியேஷனைச் சோதிக்க உளவியலாளர்கள் பேரனும் கென்னியும் 1986-இல் சொன்ன நாலு படியையும் வரிசையாகப் போட்டேன். கடைசிப் படியில் நேரடி விளைவு புள்ளியியல் முக்கியத்துவம் இழந்தது. "முழு" என்று எழுதியபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

யாழினி, உங்கள் எண்ணிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் படத்தில் நேரடியாக மிஞ்சுவது 0.13 மட்டும். திருப்பிப் போட்டால் சுமையிலிருந்து சோர்வுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? நான் கணக்குப் போட்டேன், 0.31. அதாவது திருப்பிய படத்தில் பெரும்பகுதி விளக்கப்படாமல் நிற்கிறது. எது அதிகமாக விளக்குகிறதோ அதுதான் சரியான அம்பு. அவர் கேள்வி நியாயம்தான், ஆனால் உங்கள் படம்தான் ஜெயிக்கிறது.

பேரா. மீனா

கதிர், கணக்கு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

ஒரு இதழுக்காக மதிப்பிட்ட கட்டுரையில், ஒரே அளவுகோலை வைத்து இரண்டு மாதிரிகளில் ஆய்வு செய்திருந்தார்கள். சிறிய மாதிரியில் முழு மீடியேஷன், பெரிய மாதிரியில் பகுதி. "இரு பணிச்சூழல்களிலும் இயங்குமுறை வேறு" என்று இரண்டு பக்கம் விளக்கம். கெழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே எண்கள். வித்தியாசம் தலைகளின் எண்ணிக்கையில் மட்டும்.

யாழினியின் எண்களிலேயே இதைக் காட்டலாம். நேரடி விளைவு 0.13. 150 பேரில் அதன் திட்டப் பிழை சுமார் 0.075, t மதிப்பு 1.8 அளவில். முக்கியத்துவம் இல்லை, ஆகவே 'முழு'. அதே ஒட்டுறவுகள் 600 பேரிடம் கிடைத்திருந்தால் திட்டப் பிழை 0.037, t 3.6 அளவில். இப்போது 'பகுதி'. உலகத்தில் எதுவும் மாறவில்லை. முழு என்ற சொல்லைப் பெற எளிய வழி குறைந்த ஆட்களை வைத்து ஆய்வு செய்வது என்றால், அந்தச் சொல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது.

அடுத்தது அம்பின் திசை. இந்த எல்லா எண்களும் மூன்றே மூன்று ஒட்டுறவுகளிலிருந்து பிறந்தவை. ஒட்டுறவுக்குத் திசை கிடையாது. அந்த மூன்றை எந்த வரிசையில் அடுக்கினாலும் ரெக்ரஷன் ஒரு விடை தரும். 0.13, 0.31-ஐ விடச் சிறியது என்பதால் முதல் வரிசை உண்மை ஆகிவிடாது. உதாரணமாக, சோர்வை அளந்த கேள்விகள் துல்லியம் குறைந்தவையாக இருந்தால், சோர்வு வழியாகப் போகும் விளைவின் ஒரு பகுதி நேரடி விளைவாக வேடம் போட்டு நிற்கும். அளவுகோலின் தரத்தை வைத்து அம்பின் திசையை முடிவு செய்ததாகிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சுமையைக் குலுக்கல் முறையில் சிலருக்குக் கூட்டி, சிலருக்குக் குறைத்துச் சோதனையே செய்தாலும் முதல் அம்புக்குத்தான் பாதுகாப்பு. சோர்வை யாரும் குலுக்கிப் பிரிக்கவில்லையே? மோசமான மேலாளர் ஒருவர் சோர்வையும் தருவார், விடும் எண்ணத்தையும் தருவார். இரண்டாம் அம்பின் 0.53-இல் அவர் பங்கு எவ்வளவு என்று கட்டுரை சொல்லாது.

ஷபானா

எனக்கும் ஒரு மதிப்பீட்டாளரிடம் இதே அனுபவம். என் ஆய்வில் பணிச்சுமை, சோர்வு, மூன்றாவதாக மேலாளரின் ஆதரவு. ஆதரவு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டினேன். ஆதரவு இல்லாத குழுவில் சுமையின் சாய்வு 0.30, திட்டப் பிழை 0.12, முக்கியத்துவம் உண்டு. ஆதரவு உள்ள குழுவில் 0.16, அதே பிழை, முக்கியத்துவம் இல்லை. "ஆதரவு சுமையின் தாக்கத்தைத் துடைத்துவிடுகிறது" என்று சுருக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

திரும்பி வந்த குறிப்பு ஒற்றை வரி: "இரு சாய்வுகளுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கே சோதிக்கப்பட்டது?"

சோதித்தேன். வித்தியாசம் 0.14, அதன் திட்டப் பிழை 0.17. வித்தியாசமே பிழையை விடச் சிறியது. ஒன்று கோட்டைத் தாண்டியது, இன்னொன்று தாண்டவில்லை, அவ்வளவுதான். அதற்காக இரண்டும் வேறு என்று ஆகாது. அந்த வரியை அச்சுக்குப் போகும் முன் நீக்க முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு கருத்தரங்கில் சொல்லிவிட்டேன், கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கதிர்

ஷபானா, உங்களுடையது மாடரேஷன். யாழினி கேட்டது வேறு. அங்கே சோர்வு வழியில் நிற்கிறது. உங்கள் கதையில் ஆதரவு வழியில் இல்லை, சுமையின் தாக்கம் யாருக்கு எவ்வளவு என்பதை மாற்றுகிறது.

மீனா மேடம், முழு, பகுதி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். 600 பேர் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், என் ஆய்வேட்டின் அந்தப் பத்தி தவறுதான். ஆனால் திசை விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். ஒரே நாளில் எடுத்த கருத்துக்கணிப்பில் மீடியேஷனே பார்க்கக் கூடாது என்றால், படிக்கும் கட்டுரைகளில் எத்தனையைத் தூக்கிப் போடுவது?

டேவிட்

என் கதை சின்னது. ஒரு கட்டுரையின் அட்டவணையில் "பணிச்சுமை 0.70" என்று பார்த்து, "சுமையின் விளைவு மிகப் பெரியது" என்று வகுப்பில் உரக்கச் சொன்னேன். முன்வரிசை மாணவி கேட்டாள்: "சார், அது யாருக்கு?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஷபானா போன்றவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கட்டுரையின் சமன்பாடு ஏறத்தாழ இப்படி:

```
சோர்வு = மாறிலி + 0.70*சுமை + 0.10*ஆதரவு - 0.10*சுமை*ஆதரவு
```

கடைசி உறுப்புதான் மாடரேஷன். அது வந்து உட்கார்ந்தவுடன் 0.70-இன் பொருள் மாறிவிடுகிறது. அது இப்போது ஆதரவு பூஜ்யமாக உள்ளவருக்கான விளைவு. ஆனால் ஆதரவை 1 முதல் 7 வரை அளந்திருந்தார்கள். பூஜ்யம் வாங்கிய மனிதரே கிடையாது! ஆதரவு 1 என்றால் சுமையின் சாய்வு 0.60. நடுவில் 4 என்றால் 0.30. 7 என்றால் ஒன்றுமே இல்லை. நான் வகுப்பில் சொன்ன எண், இல்லாத ஒருவரைப் பற்றியது.

ஆதரவின் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரி 4-ஐக் கழித்துவிட்டு ஓட்டினால் சுமையின் கெழு 0.30 என்று வரும், பெருக்கல் உறுப்பு அதே -0.10 ஆக நிற்கும். முடிவு மாறவில்லை, பூஜ்யம் எங்கே என்பதுதான் மாறியது. ஆகவே அட்டவணையைப் படிக்கும்போது முதலில் 'பூஜ்யம் என்றால் யார்' என்று தேடுங்கள். கட்டுரையில் சொல்லவில்லை என்றால் தனிக் கெழுக்களைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், சாய்வுகளின் படத்துக்குப் போங்கள். படத்திலும் ஓரத்துக் கோடு எத்தனை பேரை வைத்து வரைந்தது என்று பாருங்கள். ஆதரவு 7 என்று குறித்தவர் நாலு பேர்தான் என்றால், "சுமை பாதிப்பதே இல்லை" என்ற வாக்கியம் அந்த நாலு பேர் மேல் நிற்கிறது.

பேரா. மீனா

கதிர், தூக்கிப் போடச் சொல்லவில்லை. "தரவு இந்த வரிசையோடு முரண்படவில்லை" என்று படியுங்கள். சோர்வுக்கும் விடும் எண்ணத்துக்கும் சுமை போக எந்தத் தொடர்பும் இல்லை என்று வந்திருந்தால், அந்த விளக்கம் பெரிதும் ஆட்டம் கண்டிருக்கும். அந்த அளவுக்கு ஒரு சோதனைதான், அதற்கு மேல் இல்லை. என் சக ஊழியர் ஒருவர் இதைக்கூட ஒப்புவதில்லை, ஒரே நாள் தரவில் 'விளைவு' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்கிறார். பல வருடமாக எங்களுக்குள் தீராத வாதம் இது.

யாழினி

ஷபானா, உங்கள் கதையும் வேண்டியதுதான். கதிர், அந்த 0.31 என் கண்ணில் படவே இல்லை, நன்றி.

மீதியைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். திசையைப் பிரித்தறிய, ஆறு மாதம் கழித்து அதே 150 பேரிடம் அதே வினாத்தாளோடு போனேன். முதல் சுற்றுச் சோர்வு இரண்டாம் சுற்று விடும் எண்ணத்தை முன்கூட்டிச் சொல்கிறதா, அல்லது மறுபக்கமா என்று பார்க்கத்தான். 43 பேர் கிடைக்கவில்லை. முதல் சுற்றில் அவர்கள் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். அவர்களில் பெரும்பாலோருக்கு விடும் எண்ணம் அதிகமாகவே இருந்தது.

அவர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். என் கேள்விக்கு யாருடைய பதில் மிகவும் தேவையோ, அவர்கள்தான் தரவில் இல்லை. மிஞ்சிய 107 பேரை வைத்து ஓட்டியதில் இரண்டு அம்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன. மீனா மேடம், இப்படி விடுபட்டவர்களைச் சரிசெய்து பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

பேரா. மீனா

உண்டு, ஆனால் வெளியேறுவதற்கும் நீங்கள் அளக்கும் விஷயத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை. அந்த 43 பேரும் எந்த மாதம் போனார்கள் என்ற தேதி கிடைக்குமா?

யாழினி

மனிதவளப் பிரிவில் கேட்டிருக்கிறேன்.