பெட்டியில் 8 ஜிபி, உள்ளே 4: கடை அட்டையில் எதை எழுதுவது?

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
நான் போன் கடையில் நிற்கிறேன். நாற்பதாயிரம் ரூபாவுக்குள் புதிதாக ஒரு போன் வந்திருக்கிறது. கண்ணாடி அலுமாரியில் வைக்கத் தமிழில் ஓர் அட்டை எழுதச் சொல்லி முதலாளி தந்தார். பெட்டியில் `8GB RAM*`, `64GB`, `50MP Dual Camera`, `Octa-core 2.2GHz` என்று இருக்கிறது. போனுக்குள் போய்ப் பார்த்தால் ரேம் `4.00 GB + 4.00 GB` என்று காட்டுகிறது. வயலுக்குப் போகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் விளங்குகிற மாதிரி இதை எப்படி எழுதுவது?

கல்முனை நானா
தம்பி, பெட்டியில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். கடைக்கு வருகிற ஆள் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். நீங்கள் 4 என்று எழுதினால், இரண்டு கடை தள்ளி இதே போனுக்கு 8 என்று எழுதியிருக்கிற இடத்துக்குப் போய்விடுவார். இன்னொன்றும் இருக்கிறது. அட்டையில் 4, பெட்டியில் 8 என்றால், உள்ளே இருந்த போனை மாற்றிவிட்டோம் என்று சந்தேகப்படுவார்கள். எனக்கு அப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது.

வாவிக்கரை
நானா சொல்கிற சண்டை நடக்கக்கூடியதுதான். அதனால்தான் இரண்டு எண்ணையும் எழுத வேண்டும் என்கிறேன், ஆனால் கூட்டாமல். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் தம்பி. அந்த நட்சத்திரக் குறிக்கு உரிய சின்ன எழுத்து அங்கே இருக்கும்.

போர்டில் உண்மையாக இருக்கிற ரேம் 4 ஜிபி. மற்ற 4, ஸ்டோரேஜில் இருந்து எடுத்த இடம். நீங்கள் இப்போது கையில் வைத்துப் பார்க்கிற ஆப் அந்த இடத்தில் இருந்து ஓடாது. பின்னால் தூங்குகிற ஆப்களை மூட்டை கட்டி அங்கே வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப ரேமுக்குக் கொண்டுவரும். இந்த விலையில் வருகிற போன்களில் பெரும்பாலும் eMMC ஸ்டோரேஜ்தான். அது செக்கனுக்கு 300 மெகாபைட் அளவில் வாசிக்கும். ரேமின் வேகம் அதைப்போலப் பல பத்து மடங்கு. இரண்டையும் கூட்டி 8 என்று சொல்வது, வீட்டுக் கிணற்றையும் அரை மைல் தள்ளி இருக்கிற கிணற்றையும் சேர்த்து "வீட்டில் இரண்டு கிணறு" என்று சொல்வது போல. நான் "ரேம் 4, இரவல் 4" என்று எழுதுவேன்.

ஆரையம்பதி சேர்
இரவல் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டியதில்லை. அது முழுப் பொய். வாங்கியவுடன் அதை நிறுத்திவிட வேண்டும், போன் வேகமாகும். மெகாபிக்சலும் இதே கதைதான். என் பழைய 13 மெகாபிக்சல் போன் போதும். 50 என்று எழுதுவதே பிழை.

வாவிக்கரை
சேர், பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முழுப் பொய் இல்லை. உண்மை ரேம் 4 உள்ள போனில் ஐந்தாறு ஆப் திறந்தால், பழையதை ஆண்ட்ராய்டு மூடிவிடும். இரவல் இடம் இருந்தால் மூடாமல் வைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது. திரும்பி வரும்போது கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் போன் வேகமாகும் என்பது எல்லாப் போனுக்கும் சரி வராது. நான் ரிப்பேர் பார்த்த சில போன்களில் நிறுத்தியபின் நன்றாக ஓடியது, சிலதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

வாங்குகிறவருக்கு எண்ணைவிட இது விளங்கும். தம்பி, வங்கி ஆப்பைத் திறந்து பாதியில் விட்டுவிட்டு வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மூன்றையும் திறவுங்கள். ஒரு படமும் எடுங்கள். பிறகு வங்கி ஆப்புக்குத் திரும்புங்கள். விட்ட இடத்தில் நிற்கிறதா, முதலில் இருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கல்முனை நானா
வங்கி ஆப்பில் பார்த்தால் பிழையான முடிவு வரும். பாதுகாப்புக்காக அது தானாகவே வெளியேறும். ஒரு லட்சம் ரூபாப் போனிலும் அப்படித்தான்.

வாவிக்கரை
சரி நானா, அது என் பிழை. அப்படியென்றால் குரோமில் ஏதாவது விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு அதே சுற்றைச் சுற்றி வரட்டும். ரேம் போதாத போனில் திரும்பி வரும்போது பக்கம் மறுபடி லோட் ஆகி, எழுதியது அழிந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்லைனில் விண்ணப்பம் போடுகிற எந்தத் தாய்க்கும் இது விளங்கும்.

பாண்டிருப்பு அக்கா
தம்பி, என் மகள் உயர்தரம் படிக்கிறா. அவவுக்கு இந்தப் போனை வாங்கலாமா? நான் போன வருடம் 64 ஜிபி என்று சொல்லித் தந்த ஒரு போனை வாங்கினேன். ஐந்து மாதத்தில் "இடம் இல்லை" என்று வரத் தொடங்கிவிட்டது. நான் படமே எடுப்பதில்லை. கடைக்காரர் குறைந்ததைத் தந்துவிட்டாரோ என்று இன்னும் மனதில் இருக்கிறது.

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
அக்கா, நான் கேட்டது அட்டை எழுதுவது பற்றி. ஆனாலும் உங்களுக்காக இப்போதே இந்தப் போனைத் திறந்து பார்த்தேன். புதுப் போன், ஒன்றும் போடவில்லை. காலியாக இருப்பது 43 ஜிபி. இரவல் ரேமை நிறுத்தி ஒருமுறை ஓஃப் பண்ணிப் போட்டேன். 47 ஆனது.

வாவிக்கரை
பாருங்கள், இதைத்தான் அட்டையில் எழுத வேண்டும். 64இல் 17 சிஸ்டத்துக்கும் கூடவே வருகிற ஆப்களுக்கும் போய்விட்டது. 4 இரவலுக்குப் போய்விட்டது. கையில் வருவது 43.

அக்கா, உங்கள் கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் படம் எடுக்காவிட்டாலும் வட்ஸ்அப் குழுக்களில் வருகிற வீடியோ தானாக இறங்கும். பாடசாலைக் குழு, கோயில் குழு, சொந்தக்காரர் குழு என்று நாளுக்கு 250 மெகாபைட் வந்தால், 43 ஜிபி 172 நாளில் நிரம்பும். ஆறு மாதம்கூட இல்லை. வட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். மகளுக்கு வாங்குவதாக இருந்தால், இரண்டு சிம்மோடு மெமரி கார்ட்டும் போட மூன்றாவது இடம் இருக்கிறதா என்று தட்டை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். சில போன்களில் கார்ட் போட ஒரு சிம்மைக் கழற்ற வேண்டும்.

பாண்டிருப்பு அக்கா
இவ்வளவு நாளும் அந்த மனுசனைச் சந்தேகப்பட்டுவிட்டேன். எனக்கு இரண்டு சிம்மும் வேணும். அதையும் அட்டையில் எழுதினால் நல்லது தம்பி.

படுவான்கரையான்
புரொசசரை யாரும் தொடவில்லையே. எட்டு கோர், 2.2 கிகாஹேர்ட்ஸ் என்றால் நல்லதுதானே? என்னுடையது 1.6தான். அப்போ இது கூட வேகமாகத்தானே இருக்க வேண்டும்?

வாவிக்கரை
உங்கள் போனில் என்ன சிப்? தம்பி, நீங்களும் CPU-Z ஆப்பைப் போட்டு முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
Helio G36. எட்டும் Cortex-A53 என்று இருக்கிறது.

படுவான்கரையான்
என்னுடையது Unisoc T606. இரண்டு A75, ஆறு A55.

வாவிக்கரை
அப்படியென்றால் உங்கள் 1.6தான் வேகம். ஒரு லாண்ட்மாஸ்டரும் பெரிய நாலு சில்லு டிராக்டரும் உங்களுக்குத் தெரியும். A53 என்பது 2012இல் வெளிவந்த சின்ன வகைக் கோர். A75 என்பது 2017இல் வந்த பெரிய வகை. இந்தப் புதுப் போனில் எட்டு லாண்ட்மாஸ்டர் நிற்கிறது. உங்களுடையதில் இரண்டு பெரிய டிராக்டரும் ஆறு சின்னதும். ஓர் ஆப்பைத் திறக்கிற வேலையில் பெரும்பகுதி ஒரு கோரில், மிஞ்சினால் இரண்டில்தான் விழும். சேற்றில் புதைந்த ஒரே பெட்டியை இழுக்க எட்டு லாண்ட்மாஸ்டரைப் பூட்ட முடியாதே, அது போல. சுற்று எண்ணிக்கை கூட என்பதற்காகச் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினை வெல்லாது. ஒரே வகைக் கோர்களுக்கு இடையில்தான் கிகாஹேர்ட்ஸை ஒப்பிடலாம்.

படுவான்கரையான்
இப்போது விளங்குகிறது. எட்டு என்ற எண்ணை விட்டுவிட்டு, பெரியது எத்தனை என்று கேட்க வேண்டும்.

வாவிக்கரை
அதேதான். இந்தப் போனில் பெரியது ஒன்றும் இல்லை. கோல், வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஓடும். கேம் என்றால் திணறும்.

கமெராவுக்கும் வருகிறேன். சேர், 50 என்பது பொய்யில்லை, சென்சரில் அத்தனை புள்ளி இருக்கிறது. ஆனால் சாதாரணமாக எடுக்கும்போது நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். அப்படிச் செய்வது நல்லதுதான், வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் தெளியும். எவ்வளவு தெளியும் என்பதில் மட்டும் நீங்கள் கிட்டத்தட்ட சரி. இந்த வகை 50 மெகாபிக்சல் சென்சர்களில் ஒரு புள்ளி பொதுவாக 0.64 மைக்ரோன். நாலைச் சேர்த்தால் 1.28 மைக்ரோன் அகலம். பழைய 13 மெகாபிக்சல் சென்சர்களில் 1.12. ஆகவே கொஞ்சம்தான் முன்னேற்றம், 50க்கும் 13க்கும் இடையில் தெரிகிற அந்த நாலு மடங்கு இல்லை.

ஆரையம்பதி சேர்
இதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது கமெரா?

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
பெட்டியின் பின்பக்கத்தில் `0.08MP` என்று இருக்கிறது சேர். நட்சத்திரக் குறிக்கும் வாவிக்கரை அண்ணா சொன்ன மாதிரி `4GB+4GB` என்று சின்னதாக அடித்திருக்கிறார்கள்.

வாவிக்கரை
அது 320க்கு 240 புள்ளி. பெருக்கினால் 76,800 வரும். அதால் தனியாக ஒரு படமும் எடுக்க முடியாது. விரலால் மறைத்துக்கொண்டு படம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. அட்டையில் "கமெரா ஒன்று" என்று எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
அட்டை இப்படி எழுதியிருக்கிறேன்:

"ரேம் 4 ஜிபி. ஸ்டோரேஜில் இருந்து இரவலாக இன்னும் 4 எடுக்கும் (பெட்டியில் 8 என்று இருப்பது இதைச் சேர்த்துத்தான்). உங்கள் படம், வீடியோவுக்குக் கிடைக்கும் இடம் 43 ஜிபி. பின் கமெரா ஒன்று. படங்கள் 12.5 மெகாபிக்சலில் வரும். பகலில் நல்லது, அந்தியில் ஓடுகிற பிள்ளையை எடுத்தால் மங்கும். கோல், வட்ஸ்அப், யூடியூப் தாராளமாக ஓடும். பெரிய கேம்களுக்கு ஏற்றதல்ல. இரண்டு சிம், தனியாக ஒரு மெமரி கார்ட்."

கல்முனை நானா
பெட்டியில் உள்ள 8ஐயும் சொல்லிவிட்டதால் எனக்கு இருந்த பயம் போய்விட்டது. ஆனால் "கேம்களுக்கு ஏற்றதல்ல" என்ற வரியை எடுங்கள். இதில் கேம் விளையாடுகிற பையன்களும் இருக்கிறார்கள், படத்தின் தரத்தைக் குறைத்து வைத்து விளையாடுகிறார்கள். விற்கிறவனே சாமானில் பிழை சொல்லி எழுதுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. "அந்தியில் மங்கும்" என்பதும், நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா?

வாவிக்கரை
கேம் வரி இருக்க வேண்டும் நானா. அந்தப் பையனின் தகப்பன்தான் காசு கட்டுகிறார், இரண்டு கிழமையில் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்தான். அந்தி விடயத்தில் நீங்கள் கேட்பது நியாயம்.

களுவாஞ்சிகுடிக் கடைத்தம்பி
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை நானா. நாளை ஆறேகாலுக்குக் கடை வாசலில் முதலாளியின் மகனை ஓடவிட்டு, இந்தப் போனிலும் என் பழைய 13 மெகாபிக்சல் போனிலும் எடுக்கிறேன். இரண்டு படத்தையும் இங்கே போடுகிறேன். கேம் வரியை முதலாளியிடம் காட்டிக் கேட்க வேண்டும்.